சாட்ஸ்வொர்த்தில் ஒரு கறிக்கடைக்கு பட்ஜெட்: தலைக்கணக்கிலிருந்து தொடங்குங்கள்

டர்பனில் கடை நடத்தும் நம்மவர்களுக்குப் புரட்டாசி என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை பாதி ஊர் மட்டனைத் தொடாது. கடை திறந்த முதல் வருடம் அந்த மாதக் கணக்கைப் பார்த்து எனக்கு ஒரே சந்தோஷம். வழக்கமாக 39 சதவீதம் வரும் சரக்குச் செலவு 35-க்கு இறங்கியிருந்தது. சமையற்காரரைக் கூப்பிட்டுப் பாராட்டினேன். மாதக் கடைசியில் சம்பளம் போடப் போனால் வங்கியில் பணம் இல்லை.

சதவீதம் குறைந்தும் பணம் எப்படிக் குறைந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. புதிதாகக் கடை போடுகிறவர்களுக்கு அந்த ஒரு வருடம் மிச்சமாகட்டும் என்றுதான் முழுக் கணக்கையும் இங்கே எழுதுகிறேன். உட்கார்ந்து சாப்பிடச் சில மேசைகளும் பார்சல் கவுன்டரும் உள்ள, திங்கட்கிழமை மூடும் ஒரு சிறிய கறிக்கடைதான் உதாரணம். விலைகள் கணக்கு புரிவதற்காக வைத்தவை. உங்கள் இறைச்சிக் கடை பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கு போடும் முறை அதேதான்.

முதலில் வாட் வரியைக் கழியுங்கள்

கால் ரொட்டியைக் குடைந்து மட்டன் கறி நிரப்பும் குவார்ட்டர் மட்டன் பன்னி 115 ராண்ட் என்று பலகையில் எழுதியிருந்தால் உங்கள் வருமானம் 115 அல்ல. வாட் பதிவு செய்த கடையென்றால் அதில் 15 ராண்ட் வரித்துறையான சார்ஸுக்குப் போக வேண்டிய பணம். பலகை விலையை 1.15-ஆல் வகுத்தால் 100 வரும். எல்லா சதவீதமும் அந்த 100-ன் மேல்தான். 115-ன் மேல் கணக்குப் போட்டால் சரக்குச் செலவு எப்போதும் அழகாகத் தெரியும், அது பொய்.

வாங்கும் பக்கத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். மட்டன், கோழி, வெள்ளை ரொட்டி ஆகியவற்றின் பில்லில் 15 சதவீத வாட் இருக்கிறது, அதை நீங்கள் திரும்பப் பெறலாம். எனவே அவற்றின் விலையையும் 1.15-ஆல் வகுத்தே எழுதுங்கள். ஆனால் காய்கறி, அரிசி, பருப்பு, காய்ந்த பீன்ஸ், சமையல் எண்ணெய் போன்றவற்றுக்கு வாட் சுழியம். கழிக்க ஒன்றுமில்லை, கொடுத்த விலைதான் செலவு. எல்லா பில்லையும் ஒரேயடியாக 1.15-ஆல் வகுத்தவர்கள் மார்க்கெட்டில் வாங்கிய உருளைக்கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் இல்லாத வரியைக் கழித்திருப்பார்கள்.

ஒரு பன்னிக்கு என்ன ஆகிறது

தராசை எடுங்கள். சமையற்காரர் "ஒரு கை மட்டன்" என்பார். அந்தக் கை காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு. நம் உதாரணத்தில் ஒரு குவார்ட்டருக்கு எலும்போடு 200 கிராம் பச்சை மட்டன்.

கிலோ 149.50 என்றால் வாட் போக 130. ஆனால் 10 கிலோ வாங்கினால் கொழுப்பும் ஜவ்வும் நீக்கியபின் சட்டிக்குப் போவது 9.2 கிலோதான். ஆக சட்டிக்குப் போகும் கிலோவின் உண்மை விலை 130-ஐ 0.92-ஆல் வகுத்தால் வரும் 141.30. ஒரு பன்னிக்கு 28.30. கால் ரொட்டி 4 ராண்ட், உருளைக்கிழங்கு 1.20, வெங்காயம், தக்காளி, இஞ்சி-பூண்டு, மசாலா, எண்ணெய் எல்லாம் சேர்த்து 4.50, பக்கத்தில் வைக்கும் சாம்பல்ஸ் என்ற கேரட் சாலட்டுக்கு 2. மொத்தம் 40 ராண்ட். 100-க்கு 40, அதாவது 40 சதவீதம்.

இதே முறையில் கோழிப் பன்னிக்கு, வாட் போக 70 ராண்ட் விலையில் 24.50 செலவு, 35 சதவீதம். பீன்ஸ் பன்னிக்கு 50 ராண்ட் விலையில் 13 செலவு, 26 சதவீதம்.

சதவீதத்தை மட்டும் பார்த்தால் பீன்ஸ்தான் ராஜா. ஆனால் மட்டன் விற்றால் கல்லாவில் 60 ராண்ட் மிஞ்சுகிறது, கோழிக்கு 45.50, பீன்ஸுக்கு 37. வாடகை கேட்பவர் சதவீதத்தை வாங்கிக்கொள்ள மாட்டார், ராண்டைத்தான் கேட்பார். உணவகத்தின் சரக்குச் செலவு 28-இலிருந்து 35 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று பலரும் சொல்லும் விதியை நம்பி, மட்டனின் அளவைக் குறைத்த கடைகளை நான் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் ரொட்டியைத் திறந்து பார்ப்பார், அடுத்த வாரம் வரமாட்டார். மட்டன் கடையின் சதவீதம் கொஞ்சம் உயரமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். உங்கள் கலவைக்கு எந்த எண் சரி என்பதைத் தெரிந்துகொள்வதுதான் வேலை.

ஒரு ஆள் எவ்வளவு விட்டுச் செல்கிறார்

கலவை என்றேன். சாதாரண வாரத்தில் நூறு பேர் வந்தால் 40 பேர் மட்டன், 35 பேர் கோழி, 25 பேர் பீன்ஸ் என்று வைப்போம். விற்பனை 7,700. குளிர்பானம், டீ, சமோசா சேர்ந்து நூறு பேருக்கு இன்னொரு 1,300. ஆக 9,000, தலைக்கு 90 ராண்ட். இவற்றின் சரக்குச் செலவு, பானமும் சமோசாவும் சேர்த்து, 3,300. தலைக்கு 33.

அதோடு 2 ராண்ட் சேருங்கள். கருகிய சட்டி, மிஞ்சிய குழம்பு, வேலைக்காரர்களின் மதியச் சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். காகிதத்தில் மட்டும் நடக்கும் கடையில்தான் இது இல்லை. 35 ஆகிறது, 90-க்கு 38.9 சதவீதம். இதுவே இந்தக் கடையின் சரியான எண். பார்சல் தாளுக்கும் அட்டை இயந்திரக் கட்டணத்துக்கும் தலைக்கு 5 ராண்ட். மிச்சம் 50.

இந்த 50-ஐ மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொருவரும் கடைக்கு விட்டுச் செல்வது இதுதான். சம்பளம், வாடகை, மின்சாரம், உங்கள் வீட்டுச் செலவு எல்லாம் இதிலிருந்துதான்.

எத்தனை பேர் வருவார்கள்

பட்ஜெட்டில் மனிதர்கள் தங்களுக்கே பொய் சொல்லும் இடம் இது. "நாளைக்கு 120 பேர் வந்தால்..." என்று தொடங்குவார்கள். அந்த 120 எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அவ்வளவு வந்தால்தான் கணக்கு ஒத்துவரும் என்பதாக இருக்கும்.

இன்னும் கடை திறக்கவில்லையென்றால், அதே தெருவில் அதே மாதிரிச் சாப்பாடு விற்கும் கடைக்கு எதிரே காரில் உட்கார்ந்து எண்ணுங்கள். 11-இலிருந்து 2 மணி வரை, பிறகு 4.30-இலிருந்து 7 வரை. உள்ளே போகிறவர்களை அல்ல, பொட்டலத்தோடு வெளியே வருகிறவர்களை எண்ணுங்கள். ஒரு வாரம் போதாது. 25-ம் தேதிக்குப் பிறகு சம்பளம் வந்த வாரம் ஒரு கூட்டம், 15-ம் தேதியை ஒட்டிய வாரம் இன்னொரு கூட்டம். இரண்டையும் எண்ணிவிட்டு நடு மாத எண்ணிக்கைப் பக்கம் சாய்ந்து எழுதுங்கள். புதுக் கடைக்கு அதில் பாதி வந்தாலே முதல் சில மாதங்களுக்கு நல்லது.

ஓடும் கடையென்றால் கல்லா இயந்திரமே சொல்லும். நம் உதாரணக் கடையில் செவ்வாய் 60, புதன் 70, வியாழன் 75, வெள்ளி 95, சனி 130, ஞாயிறு 90. வாரத்துக்கு 520, மாதத்துக்கு ஏறக்குறைய 2,250 பேர், 26 நாள்.

செவ்வாயும் வெள்ளியும் விரத நாள் பலருக்கு. அன்றைக்கு எண்ணிக்கையோடு கலவையும் மாறும் என்பதால் இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். புனித வெள்ளியன்று மாரியம்மன் கோயில்களில் கூட்டம் அலைமோதும், மட்டனுக்கு ஆள் இருக்காது. ஆடியில் கூழ் ஊற்றும் ஞாயிறுகளும், தைப்பூசக் காவடியும் அப்படியே. டிசம்பரில் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து கடலுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லாவற்றையும் ஈடுகட்டுவார்கள் என்று நினைக்கலாம். கடற்கரையை ஒட்டிய கடைக்கு அது சரி, உள்ளே இருக்கும் கடைக்குக் கொஞ்சம்தான்.

ஆள் கூலி

சரக்குச் செலவு வாடிக்கையாளரோடு ஏறி இறங்கும். 60 பேர் வந்தால் 60 பேருக்கான மட்டன். கூலி அப்படியல்ல. மழை பெய்து நாற்பது பேர் வந்த நாளிலும் சமையற்காரர் வந்துவிட்டார், பாத்திரம் கழுவுகிறவரும் வந்துவிட்டார். அதனால் கூலியை சதவீதத்தில் திட்டமிடாமல் மணிக்கணக்கில் திட்டமிடுங்கள்.

2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட் ஆனது, இந்தக் கணக்கு அதை வைத்துத்தான். ஒவ்வொரு மார்ச்சிலும் புது எண் வரும். வாரத்துக்கு 45 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 195 மணி, 5,614 ராண்ட். பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஞாயிறு வழக்கமாக வேலை செய்கிறவருக்கு அன்றைக்கு ஒன்றரை மடங்கு, அது மாதத்துக்கு 470. வருடத்தில் 12 பொது விடுமுறைகள், அன்று வேலை வாங்கினால் இரண்டு மடங்கு, மாதக் கணக்கில் 215. வருட விடுப்பில் அவர் போகும்போது மாற்று ஆளுக்கு 325. வேலையில்லாக் காப்புநிதிக்கு முதலாளியின் 1 சதவீதம், 65-க்குள். கூட்டினால் 6,700-ஐ ஒட்டி வரும். குறைந்தபட்சக் கூலியில் ஓர் ஆள் என்றால் பட்ஜெட்டில் எழுத வேண்டியது இந்த 6,700.

நம் கடையில் தலைமைச் சமையற்காரர் எல்லாம் சேர்த்து 16,500, உதவிச் சமையற்காரர் 10,000, கவுன்டரில் இருவர், பாத்திரமும் வெட்டலும் பார்க்க ஒருவர் என மூவருக்கு 20,100, சனி ஞாயிறுக்கு மட்டும் ஒருவர் 2,500. ஆண்டுச் சம்பளம் ஐந்து லட்சத்தைத் தாண்டுவதால் பயிற்சி வரியாக இன்னும் 1 சதவீதம். சுமாராக 50,000. விற்பனை 2,02,500-ல் இது 24.7 சதவீதம்.

சரக்கும் கூலியும் சேர்ந்தால் 63.6. இந்த இரண்டின் கூட்டல் 65-ஐத் தாண்டினால் வாடகை கட்டும் கடைக்கு மூச்சுத் திணறும் என்பது என் அனுபவம். இதில் இன்னும் முதலாளிக்குச் சம்பளம் போடவில்லை. போடுங்கள். மனைவியும் நீங்களும் விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து வெங்காயம் உரிக்கும் உழைப்பைக் கணக்கில் எழுதாவிட்டால் கடை லாபத்தில் ஓடுவதாகத் தெரியும், வீடு கடனில் ஓடும். 15,000 எழுதுவோம்.

எல்லாவற்றையும் சேர்த்தால்

வாடகை 22,000, மின்சாரம், எரிவாயு, தண்ணீர் 13,000, கணக்காளர், காப்பீடு, பூச்சி மருந்து, பழுது எல்லாம் 9,500. கூலி 50,000-த்தோடு சேர்ந்து 94,500. யார் வந்தாலும் வராவிட்டாலும் போகும் பணம் இது.

94,500-ஐ 50-ஆல் வகுத்தால் 1,890 பேர். 26 நாளுக்கு நாளொன்றுக்கு 73 பேர். முதலாளியின் 15,000-ஐயும் சேர்த்தால் 84 பேர். நம் சராசரி 87-க்குச் சற்றுக் குறைவு. இடைவெளி நாளுக்கு இரண்டு மூன்று பேர்தான். காகிதத்தில் சுமாராக ஓடுவதாகத் தெரிந்த கடை இவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வதற்குத்தான் இந்தக் கணக்கு.

இப்போது புரட்டாசிக்கு வருகிறேன். நாளைக்கு 75 பேர், நூறில் 15 மட்டன், 15 கோழி, 70 பீன்ஸ். அதே பானங்களோடு தலைக்கு விற்பனை 73.50-க்கு இறங்குகிறது, சரக்கு 26-க்கு இறங்குகிறது. சதவீதம் 35. ஆனால் ஒருவர் விட்டுச் செல்வது 50 அல்ல, 42.55. மாதம் 1,950 பேர் வந்தும் சேர்வது 83,000. 94,500 வேண்டியிருக்கிறது. 11,500 துண்டு விழுகிறது, அதுவும் முதலாளிச் சம்பளத்துக்கு முன்னாலேயே. அந்த மாதம் நான் சமையற்காரரைப் பாராட்டிய கதை இதுதான்.

இரண்டாம் வருடம் வேறு மாதிரி செய்தேன். விரதக்காரர்களுக்கு மலிவாக ஒரு பீன்ஸ் பன்னி போதும் என்று நினைத்தது என் தவறு. அவர்களும் நன்றாகச் சாப்பிடத்தான் வருகிறார்கள். சோறு, பருப்பு, கீரை, டபுள் பீன்ஸ் கறி, அப்பளம், ஊறுகாய், பாயசம் என்று ஒரு தாலிச் சாப்பாடு வைத்தேன். வாட் போக 90 ராண்ட், சரக்கு 27, மிச்சம் 63. பீன்ஸ் வாங்கும் 70 பேரில் 25 பேர் தாலிக்கு மாறினால் தலைக்கு 6.50 கூடுகிறது, 49 ராண்டை எட்டுகிறது. அதே 1,950 பேரில் 95,600 சேர்கிறது. கூடவே உதவிச் சமையற்காரரின் வருட விடுப்பை அந்த மாதத்துக்கு, அவரும் விரதம் இருப்பவர் என்பதால் அவர் விருப்பத்தோடே, மாற்றினோம். மாற்று ஆள் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை எண்ணுங்கள்

பட்ஜெட் போட்டபடி நடக்கிறதா என்று மாதக் கடைசியில் பார்த்தால் காலம் கடந்துவிடும். கடை மூடியிருக்கும் திங்களன்று குளிர்பெட்டியையும் அலமாரியையும் எண்ணி எடை போடுங்கள். போன திங்கள் இருந்த சரக்கோடு வாரம் வாங்கியதைக் கூட்டி, இன்று இருப்பதைக் கழித்தால் செலவானது தெரியும்.

ஒரு வாரம் எனக்கு வந்தது: இருப்பு 9,200, வாங்கியது 20,400, மிச்சம் 10,100. செலவு 19,500. விற்பனை 46,800, வந்தவர்கள் 520. தலைக்கு 35 வீதம் 18,200 ஆகியிருக்க வேண்டும். 1,300 அதிகம், 41.7 சதவீதம். எல்லாவற்றையும் தேடாமல் மட்டனை மட்டும் எடுத்தேன், அதிகப் பணம் அதில்தான். விற்ற மட்டன் பன்னி 208. தலா 200 கிராம், கழிவையும் சேர்த்து 45 கிலோ வாங்கியது போதும். போனது 53 கிலோ. கிட்டத்தட்ட 8 கிலோ, 1,000 ராண்டுக்கு மேல். மிச்ச 300 சில்லறை.

திருட்டென்று நினைத்துச் சண்டை போடுவதற்கு முன் கரண்டியைப் பாருங்கள். எங்கள் பழைய கரண்டி உடைந்து, யாரோ கொஞ்சம் பெரியதை வாங்கி வந்திருந்தார்கள். ஒரு பன்னிக்கு 34 கிராம் கூடுதல். திருட்டாக இருந்தால் மட்டன் மட்டும் குறையும். கரண்டியாக இருந்தால் உருளைக்கிழங்கும் மசாலாவும் கூடவே அதே விகிதத்தில் குறையும். இப்படித்தான் பிரித்தறியலாம். இறைச்சிக் கடைக்காரர் எடையில் குறைத்தால் இரண்டுமில்லாமல் வேறு மாதிரி தெரியும், அதற்காகவே சரக்கு வந்ததும் அவர் முன்னாலேயே தராசில் வையுங்கள்.

விலை ஏறும்போது

மார்ச்சில் கூலி ஏறும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். கணக்குப் பார்ப்போம். 5 சதவீதம் ஏறினால் நம் கடையில் குறைந்தபட்சக் கூலி வாங்கும் நால்வரின் 22,600-க்கு 1,130 கூடுகிறது. தலைக்கு 50 என்றால் மாதத்துக்கு 23 பேர், நாளைக்கு ஒருவர் கூட இல்லை. மட்டன் கிலோவுக்கு, வாட் போக, 15 ராண்ட் ஏறினால்? பன்னிக்கு 3.26, மாதம் 900 பன்னிக்கு 2,900-க்கு மேல். கூலி உயர்வைப்போல இரண்டரை மடங்கு. அதற்கு யாரும் பத்திரிகையில் அறிவிப்பு போடுவதில்லை, பில்லில் சத்தமில்லாமல் வருகிறது.

அப்போது பலகையில் 115-ஐ 120 ஆக்கினால் போதும். அந்த 5 ராண்டில் 65 சென்ட் சார்ஸுக்கு, 4.35 கடைக்கு. 900 பன்னிக்கு 3,900, ஏற்றத்தை மூடிவிடும். மட்டன் வாங்கும் நூறு பேரில் நாலைந்து பேர் கோழிக்கு மாறினாலும் தாங்கும். ஆனால் பலகையை மாற்றும் வாரத்தில் கரண்டியையும் அளந்துவிடுங்கள், விலை ஏறிய பன்னியை வாடிக்கையாளர் அன்றைக்குக் கவனமாகத் திறந்து பார்ப்பார்.